ஏற்றத்தில் ஓடிய பதினோரு பேர்

சுசித்ராவுக்கு ஆத்திரம் வந்ததெல்லாம் தலைமையாசிரியர் சுவாமிநாதன் சார் மீது அல்ல. தன் கையால் கோடு போட்டு, தன் கையால் எழுதிய பதிவேட்டின் மீதுதான். அந்த நீல அட்டைப் பதிவேட்டைத்தான் அவர் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியாருக்கே உரிய நிதானத்தோடு ஒவ்வொரு எண்ணாகக் காட்டினார்.

ஏழாம் வகுப்பில் பையன்கள் பன்னிரண்டு பேர், பெண்கள் பதினோரு பேர். ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் பையன்களின் சராசரி எட்டு புள்ளி ஒன்பது விநாடி. பெண்களுக்குப் பத்து புள்ளி ஒன்று. ஜூலையில் எடுத்த கணக்கிலும் ஏறக்குறைய இதே இடைவெளிதான். பெண்கள் ஜூலையைவிட பத்தில் மூன்று பங்கு விநாடி முன்னேறியிருக்கிறார்கள் சார், பையன்கள் இரண்டு பங்குதான் முன்னேறியிருக்கிறார்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். ஆனால் ஒன்று புள்ளி இரண்டு விநாடி பின்தங்கல் இன்னும் இருக்கிறதே என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. வில்பட்டிப் பக்கத்து இந்த மலைக்கிராம நடுநிலைப் பள்ளிக்கு வந்த ஆறு வருடத்தில், மழைக்காகவோ காய்ச்சலுக்காகவோ ஒரு நாளும் கணக்கு வகுப்பை விட்டவர் இல்லை. அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வு வருகிறது. அதில் நான்கு பெண்களாவது தேறிவிட்டால் பத்தாவது தாண்டியும் படிப்பார்கள், பூண்டுக் காட்டோடு நின்றுவிட மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அதற்கு வாரம் இரண்டு பாடவேளை வேண்டும். பெண்களின் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. அங்கே தீர்மானம் போட்டுவிட்டால் சோலி முடிந்தது.

"பையன்களுக்காவது ஏதோ பலன் தெரியுது டீச்சர். பொம்பளப் பிள்ளைகளுக்கு இல்லைன்னு நீங்க எழுதினதே சொல்லுது. நான் சொல்லல."

சுசித்ரா பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை. வாரத்துக்கு மூன்று அரை நாள் வருபவள். நாயுடுபுரத்திலிருந்து வெள்ளனே கிளம்பி, காய்கறி ஏற்றப் போகும் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வருவாள். அந்த மூன்று அரை நாளுக்குள் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் மேய்க்க வேண்டும். இருந்தாலும் இந்த வருடம் ஏழாம் வகுப்பைத் தனியாகக் கவனித்திருந்தாள். விளையாட்டு என்றால் ஓட்டம், ஓட்டம் என்றால் ஜெயிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, உடற்தகுதி என்பது ஒரு சாமான் அல்ல, பதினோரு சாமான் என்று காட்ட அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முதலில் நலம் சார்ந்தவை ஐந்து. வராந்தாப் படிதான் முதல் கருவி. மூன்று நிமிடம் ஏறி இறங்கச் சொல்லி, ஒரு நிமிடம் உட்காரவைத்து, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கச் சொன்னாள். கட்டைவிரலை வைக்காதே, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும் என்று பத்து தடவை சொல்லியிருப்பாள். ஏறி இறங்கிய பிறகு யாருடைய நாடி வெரசாக அடங்குகிறதோ அவருடைய இதயமும் நுரையீரலும் நன்றாகத் தாங்குகின்றன என்று அர்த்தம். வடம் ஒன்றைக் கட்டி ஒரே இழுப்பில் எவ்வளவு பலம் என்று பார்த்தது தசை வலிமை. முழங்கை ஊன்றிப் பலகை மாதிரி படுத்து எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்பது தசைத் தாங்குதிறன். "ஒரு தடவை மூட்டையைத் தூக்குறது வலிமை. நாள் பூரா களைக்கொத்து பிடிக்கிறது தாங்குதிறன்" என்று அவள் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், அப்படிப் பார்த்தால் எங்கப்பாவுக்கு இரண்டும் கிடையாது என்றது. சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

கால் நீட்டி உட்கார்ந்து விரல் நுனியால் அளவுகோலைத் தொடுவது நெகிழ்வு. ஐந்தாவதான உடல் அமைப்புக்குத்தான் அவள் மிகவும் யோசித்தாள். எடை மிஷினில் நிற்கவைத்து எண்ணைச் சத்தமாகப் படித்தால் ஒரு பிள்ளையாவது அன்றைக்கு மதியம் சாப்பிடாது. அதனால் ஐந்து கிலோ பூண்டை ஒரு பையிலும் ஐந்து கிலோ முட்டைக்கோஸை ஒரு பையிலும் கட்டித் தராசில் வைத்தாள். எடை ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. உடம்பும் அப்படித்தான், தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்பதே கேள்வி, பார்த்த மாத்திரத்தில் ஒருத்தரைக் குண்டு ஒல்லி என்று சொல்லிவிட முடியாது என்றாள். அதன் பிறகு வகுப்பில் 'குண்டு' என்ற பட்டப்பெயர் காணாமல் போனது. அது அவள் மனதுக்குள் போற்றி வைத்திருந்த வெற்றி.

திறன் சார்ந்த ஆறும் அப்படியே. கண்ணை மூடி ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்பது சமநிலை. கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடித் திரும்புவது சுறுசுறுப்பு. நின்ற இடத்திலிருந்து ஒரே தாவலில் எவ்வளவு தூரம் என்பது வெடிப்பாற்றல். வலிமையும் வேகமும் சேர்ந்த சரக்கு அது. சுவரில் பந்தை எறிந்து மறுகையால் பிடிப்பது கண்ணும் கையும் ஒத்துழைப்பது. அளவுகோலை மேலிருந்து ஒருத்தர் சொல்லாமல் விட, கீழே விரலை விரித்து வைத்திருப்பவர் எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடிக்கிறார் என்பது எதிர்வினை நேரம். பிறகு வேகம், அதாவது ஐம்பது மீட்டர். பதினொன்றில் அது ஒன்றே ஒன்று. ஆனால் தலைமையாசிரியர் பார்த்தது அந்த ஒன்றைத்தான். குழுவில் உட்காரப்போகும் அப்பாக்களும் அதைத்தான் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை அவளுடைய முறை நாள் இல்லை. இருந்தும் ஒத்திகைக்காக வந்தாள். மறுநாள் பெற்றோர் முன்னால் பதினொன்றையும் செய்துகாட்டலாம், ஓட்டத்தில் பின்தங்கினாலும் மற்றவற்றில் பெண்கள் எப்படி என்று பார்க்கட்டும் என்று அனுமதி வாங்கியிருந்தாள்.

பள்ளி மைதானம் அந்த ஊரிலேயே சமமான இடம். கல்யாணப் பந்தல் போடுவதானாலும், தேர்தல் கூட்டம் போடுவதானாலும், பூண்டு காயப்போடுவதானாலும் அங்கேதான். ஒருபுறம் கொடிக்கம்பம், மறுபுறம் தண்ணீர்த் தொட்டி. பந்து விளையாடும்போது தொட்டிப் பக்கம் ஒரு பிள்ளையைப் பந்துக் காவலுக்கு நிறுத்துவது வழக்கம். இல்லாவிட்டால் பந்து உருண்டு கீழ் அடுக்குக் கேரட் தோட்டத்தில் போய் விழும். இந்த வழக்கம் எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்குப் பந்துக் காவல் ஷர்மிளா. திருமலைச்சாமியின் மகள். சுவரில் தட்டித் தவறிய பந்துகளெல்லாம் அவளிடம் ஓடிவந்தன. எடுத்து எறிந்து எறிந்து அலுத்துப்போனாள். போதாததற்கு அஜித்குமார் போகிறபோக்கில் அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தான். அவன்தான் வகுப்பில் முதல் ஓட்டக்காரன், எட்டு புள்ளி மூன்று. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவளுடைய எண்ணைச் சொல்லியே கூப்பிட்டான்.

"ஏ ஒன்பதரை, பந்தை வெரசா எறி. நாளைக்குத்தான் வரும்போல."

ஷர்மிளா பந்தை எறியவில்லை. கொடிக்கம்பம் வரை நடந்து வந்து, பந்தை ஓட்டக் கோட்டின் மேல் வைத்துக் கையை எடுத்தாள். பந்து ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல நகர்ந்து, கற்களைத் தாண்டி, வேகம் பிடித்து, தொட்டியில் போய் முட்டியது.

"மிஸ்," என்றாள், "அவனுக இங்கேருந்து அங்க ஓடுனானுக. நாங்க அங்கேருந்து இங்க ஓடுனோம்."

சுசித்ரா பந்தைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த நிறுத்தற் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தானே ஒரு பந்தை எடுத்துக் கோட்டில் வைத்தாள். அதுவும் அதே வழியில் போயிற்று.

ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டில் பையன்கள் பெயர்தான் முதலில். அதனால் பையன்கள் கொடிக்கம்பத்திலிருந்து தொட்டிக்கு ஒவ்வொருவராக ஓடினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் தொட்டிப் பக்கம் நின்றிருந்த பெண்களைக் கொடிக்கம்பத்துக்கு நடக்கவைக்காமல், அங்கிருந்து இங்கே ஓடவிட்டாள். நேரம் மிச்சம். ஜூலையிலும் அப்படி, ஜனவரியிலும் அப்படி.

இந்த வேலை முறை ஆனந்திடம் கற்றது. கீழே சமவெளியில் உடற்கல்விக் கல்லூரியில் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தார்கள். அங்கேதான் கல்யாணம் வரை பேச்சு வளர்ந்தது. தாம்பாளம் மாதிரித் தட்டையான அந்த மைதானத்தில் அவன்தான் சொல்வான், ஒரு கூட்டம் போகட்டும், அடுத்த கூட்டம் வரட்டும், எதற்குச் சும்மா நடக்கிறாய் என்று. மூன்று வருடம் ஆகிறது அவன் காய்ச்சலில் இறந்துபோய். அவன் சொன்னவற்றில் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அவன் சொன்னது அந்தத் தரைக்குச் சரி. இந்தத் தரையை அவன் ஒரு நாளும் மிதித்ததில்லை. மலையிலேயே பிறந்த அவளுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? ஊரே சமம் என்று சொல்லும் இடத்தை அவளும் சமம் என்றே நம்பியிருந்தாள். மலைக்காரர்களுக்குச் செங்குத்தாக ஏறாதது எல்லாம் சமம்தான்.

அன்றைக்கே அவளும் பிள்ளைகளும் தோட்டத்து நீண்ட ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல இரண்டு முனையையும் பிடித்துப் பார்த்தார்கள். ஐம்பது மீட்டரில் இரண்டரை மீட்டர் இறக்கம். ஒன்றரை ஆள் உயரம்.

இரவு தூங்கவில்லை என்றெல்லாம் இல்லை. நன்றாகவே தூங்கினாள். ஆனால் காலையில் வேனில் வரும்போது ஒரு விஷயம் குடைந்தது. தவறு தன்னுடையது என்று சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும். பகுதிநேரக்காரி, அளக்கத் தெரியாதவள் என்று ஒருவர் சொல்லிவிட்டால், பெண்களின் பாடவேளையோடு அவளுடைய பேச்சும் சேர்ந்து போய்விடும். சொல்லாமல் பெண்களை மட்டும் இறக்கத்தில் ஓடவிட்டால்? எண்கள் பளபளவென்று வரும். அந்த நினைப்பு வந்த கணமே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மைதானத்தில் நடந்த கூட்டத்துக்கு இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். குழுத் தலைவி கருப்பம்மாள், அஜித்குமாரின் அம்மா. பூண்டு வியாபாரத்தில் ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. திருமலைச்சாமி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வயசுக்கு வரப்போற பிள்ளைக்கு மைதானத்துல என்ன வேலை என்று போன வாரம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான்.

சுவாமிநாதன் சார் எண்களைப் படித்து முடித்ததும் சுசித்ரா எழுந்தாள். சுற்றி வளைக்கவில்லை. பந்தைக் கோட்டில் வைத்தாள். அது உருண்டு தொட்டியில் முட்டும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார் படிச்ச எண்ணெல்லாம் நான் எழுதினது. தப்பும் நான் பண்ணினதுதான். பையன்களை இறக்கத்துல ஓடவிட்டேன், பொம்பளப் பிள்ளைகளை ஏத்தத்துல ஓடவிட்டேன். ரெண்டையும் ஒரே தராசுல வச்சிட்டேன். இப்ப உங்க முன்னால எல்லாரும் ரெண்டு பக்கமும் ஓடட்டும். சார் கடிகாரம் பிடிக்கட்டும், நான் பிடிக்கல."

சுவாமிநாதன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பை மறைத்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்.

ஓடுகிற வரிசை ஒரு பக்கம் நடக்க, ஓடி முடித்து மூச்சு வாங்கிய பிள்ளைகள் மற்ற பத்தையும் பெற்றோருக்குக் காட்ட ஆரம்பித்தார்கள். அது திட்டத்தில் இல்லை. அவர்களாகவே செய்தார்கள். ஒரு பிள்ளை தன் அப்பாவை உட்காரவைத்துக் கால் நீட்டச் சொன்னது. அவர் விரல் முழங்காலைத் தாண்ட மறுத்தது. கருப்பம்மாள் சேலையைச் சொருகிக்கொண்டு வராந்தாப் படியில் மூன்று நிமிடம் ஏறி இறங்கினாள். நாடி பார்த்த சிறுமி எண்ணிப் பெருக்கி, நூற்று நான்கு என்று சொல்லி, இந்த வயசுக்கு ரொம்ப நல்ல தாங்குதிறன் என்று டாக்டர் மாதிரிச் சான்று கொடுத்தாள்.

"எந்த வயசுக்குடி?" என்று கேட்டாள் கருப்பம்மாள். சிறுமி அந்தக் கேள்வியை அந்தப் பாடத்தில் படிக்கவில்லை.

சுசித்ரா எதிலும் கை வைக்காமல் நடுவில் நின்றாள். தசை வலிமைக்கும் தாங்குதிறனுக்கும் வித்தியாசம் என்ன என்று ஒரு பெரியவருக்கு இன்னொரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். அதிலும் களைக்கொத்துதான் வந்தது, ஆனால் கூடவே அந்தப் பெண் தானே கண்டுபிடித்த ஒரு உதாரணமும் வந்தது: தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பது வலிமை, அதோடு வீடு வரை நடப்பது தாங்குதிறன். சுசித்ரா சொல்லிக்கொடுக்காதது அது. மற்றவர் தன் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் குனிந்து கற்களைச் சரிசெய்தாள்.

பையன்கள் ஏற்றத்தில் ஓடியபோதுதான் வேடிக்கை. அஜித்குமார் பாதியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டான். கோட்டைத் தாண்டி வந்து இடுப்பில் கை வைத்து நின்றவனிடம், என்ன தம்பி, நாளைக்குத்தான் வரும்போல என்று பதினோரு பேரில் யாரோ கேட்டார்கள். யார் என்று பார்க்க அவனுக்கு மூச்சு இல்லை.

சுவாமிநாதன் சார் கரும்பலகையை வெளியே கொண்டுவரச் சொன்னார். நாற்பத்தாறு எண்களையும் தன் கையால் எழுதினார், கூட்டினார், வகுத்தார். சுண்ணக்கட்டி உடைந்தபோது பாதியை வைத்தே தொடர்ந்தார். பையன்கள் இறக்கத்தில் எட்டு புள்ளி ஒன்பது, ஏற்றத்தில் ஒன்பது புள்ளி ஒன்பது. பெண்கள் இறக்கத்தில் ஒன்பது புள்ளி ஒன்று, ஏற்றத்தில் பத்து புள்ளி ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் ஒன்பது புள்ளி நான்கும் ஒன்பது புள்ளி ஆறும்.

"ஒன்று புள்ளி இரண்டு விநாடி இல்லை," என்றார். பலகையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கணக்கு வாத்தியார் நான், எண்ணைப் பார்த்தேன். எண் எங்கே நின்று எடுக்கப்பட்டது என்று கேட்கலை."

கணக்குக்கு நேரம் வேண்டும் என்பதை அவர் விட்டுவிடவில்லை. அதுவும் நியாயம்தான். காலை வழிபாட்டுக்கு முன் அரை மணி நேரம் தானே வந்து எடுப்பதாகவும், பையன்களும் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். விளையாட்டுப் பாடவேளையை யாரும் தொடப்போவதில்லை என்று அவரே தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். கருப்பம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, ஆடியிலும் தையிலும் எங்களுக்கும் ஒரு தடவை நாடி பாருங்கள் டீச்சரம்மா, பூண்டுக் காட்டில் யார் தாங்குவார் என்று எனக்கும் தெரிய வேண்டும் என்றாள். அவளுடைய கூலி ஆள்களில் நாலு பேர் அவசரமாகக் கேட் பக்கம் நகர்ந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகும் திருமலைச்சாமி பலகை முன்னாலேயே நின்றார். விரலால் எண்களைத் தேடினார். சுசித்ரா போய்ப் பக்கத்தில் நின்றாள். மகளுடைய வரிசையைக் காட்டி, இறக்கத்தில் எட்டு புள்ளி ஆறு என்றாள். நல்ல ஓட்டம் அது.

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"எறக்கத்துல கோசு மூட்டையும் ஓடும் டீச்சரம்மா. ஏத்தத்துல எம்புட்டு?"

ஒன்பது புள்ளி நான்கு என்றாள். அவர் மேலிருந்து கீழாக ஏற்றத்துக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு பையன்கள், பதினோரு பெண்கள். அஜித்குமார் ஒன்பது புள்ளி ஆறு. அதற்கடுத்தவன் ஒன்பது புள்ளி ஏழு. ஒன்பது புள்ளி நான்கைவிடக் குறைவாக எந்த எண்ணும் இல்லை. அவர் திரும்பவும் மேலே போய், இன்னொரு தடவை கீழே வந்தார்.

சற்றுத் தள்ளி ஷர்மிளா மற்ற பிள்ளைகளோடு கற்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. பாராட்டவுமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட் அருகே நின்றிருந்த ஆள்களிடம் போனார். அங்கே அவர் பேசியது மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏலே, ஏத்தத்துல இந்த வகுப்புல மொதலு யாருன்னு தெரியுமா? பலகையில கெடக்கு, போய்ப் பாருங்க."

அவர்கள் பார்க்கத் திரும்பி வந்தார்கள். பலகையை உள்ளே எடுத்துப் போக வந்த பிள்ளைகளைச் சுசித்ரா தடுத்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றாள்.